கீழே எப்போதும் எண்பது

டயாலிசிஸ் வார்டில் அவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் சிடுசிடு சிஸ்டர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கண்டுகொள்ள மாட்டாள். ரத்தத்தைச் சுத்தப்படுத்த வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் கிடக்கிறவர்கள், ஒரு பெயராவது வைத்துச் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடுவாள். ஆனால் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்துவிட்டு வந்து நிற்பவரைக் கண்டால் மட்டும் அவள் வாய் சும்மா இருக்காது. உப்பு, தண்ணீர், மாத்திரை, மூன்றிலும் ஏமாற்றினால் அவளுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபமெல்லாம் எதுவும் இல்லை. முள் ஓடும் வட்டத் தகடு வைத்த பிரஷர் மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தாள். ஓய்வு நேரத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒன்று கையில் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். வாங்கிய பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு கை வேண்டும். நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவனின் கை அங்கே சும்மாதான் இருந்தது.

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறான். கூரைக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏணி ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிறவர்கள் தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறவன். அவனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்பதில் அவனைவிட அவளுக்குத்தான் அதிகப் பெருமை.

சட்டைக் கையைச் சுருட்டி, வெறும் கையில் பட்டையைச் சுற்றினாள். முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பம்பை அமுக்கினாள். நாடித் துடிப்பு மறையும்வரை காற்றை ஏற்றி, பிறகு திருகைக் கொஞ்சமாகத் திறந்தாள். முள் மெல்ல மெல்ல இறங்கியது. நூற்றி முப்பத்தாறில் முதல் தட்டல் கேட்டது. அது மேல் நம்பர். இனி சத்தம் தேய்ந்து நிற்கும் இடம் கீழ் நம்பர். வழக்கம்போல எண்பதை ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு, நூற்றி ஆறிலேயே காது காலியானது.

மெஷின் மட்டம் என்றுதான் முதலில் நினைத்தாள். தன் கையில் பார்த்தாள். நூற்றிப் பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தாள். நூற்றி இருபத்திநாலுக்கு எழுபத்தெட்டு. மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. கணவனை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி, மறு கையில் பார்த்தாள். நூற்றி முப்பத்தெட்டுக்கு நூற்றி எட்டு.

“உங்க கம்பெனி அட்டை எங்க?” என்றாள்.

அலமாரியில்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிற்சாலை மருத்துவ அறையில் பார்த்து எழுதிக் கொடுக்கும் அட்டை. நாலு வருடம், எட்டு வரி. நூற்றி இருபத்தாறுக்கு எண்பது. நூற்றி முப்பதுக்கு எண்பது. நூற்றி இருபத்தெட்டுக்கு எண்பது. கடைசி வரி நூற்றி முப்பத்திநாலுக்கு எண்பது. மேலே இருக்கிற நம்பர் ஏறியும் இறங்கியும் மனுஷ உடம்புபோல நடந்துகொண்டிருந்தது. கீழே இருந்தது மட்டும் நாலு வருடமாக அசையவே இல்லை.

எந்த மனிதனுக்கும் அப்படி இருக்காது. ஒரே கையில் பத்து நிமிட இடைவெளியில் பார்த்தாலே நாலு புள்ளி இப்படியும் அப்படியும் போகும். எழுதியவன் முதல் தட்டலை மட்டும் கேட்டிருக்கிறான். கேட்டதும் திருகை முழுசாகத் திறந்து காற்றை ‘புஸ்’ஸென்று விட்டிருக்கிறான். சத்தம் எங்கே நின்றது என்று காத்திருக்கவில்லை. காத்திருக்காமலே எண்பது என்று எழுதியிருக்கிறான். எட்டு முறையும். அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பாள். சாட்சி வேண்டுமே என்றுதான் கையை அடக்கிக்கொண்டாள்.

ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். திங்கள் காலையிலும் ராத்திரியிலும், செவ்வாய் காலையிலும் பார்த்தாள். மேலே நூற்றி நாற்பதைத் தாண்டவே இல்லை. கீழே நூற்றி நாலுக்குக் கீழே வரவே இல்லை. செவ்வாய் மதியம் வேலைக்குப் போகவிருந்தவனைத் தன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தமும் சிறுநீரும் கொடுத்தான். புதன்கிழமை முடிவு வந்தது. சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஒன்று புள்ளி ஐந்து. பெரிய நம்பர் இல்லை. ஆனால் இந்த வயதில் இருக்கக் கூடாத நம்பர்.

டாக்டர் நிதானமானவர். ஐம்பது வயதுக்குள் இருக்கிற நிறையப் பேருக்கு முதலில் கீழ் நம்பர்தான் ஏறும், மேலே இருக்கிறது நல்ல பிள்ளையாட்டம் நிற்கும் என்றார். வயதானவர்களுக்கு அப்படியே தலைகீழ், ரத்தக் குழாய்கள் விறைத்துப்போய் மேல் நம்பர் ஏறும், கீழ் நம்பர் எண்பதிலோ அதற்கும் கீழேயோ கிடக்கும், அதுவும் ஆபத்துதான் என்றார். இரண்டில் எது ஏறினாலும் பிரஷர் பிரஷர்தான். மாத்திரை எழுதினார். கட்டுக்குள் வருகிறவரை உயரத்தில் ஏற வேண்டாம் என்று ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் இப்போதைக்குத் தப்பிக்கும், ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே விட்டிருந்தால் உங்கள் வார்டுக்கே வந்திருப்பார் என்று அவளிடம் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அவன் மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தான். மறுநாள் வியாழக்கிழமை தொழிற்சாலையில் ஆறுமாதப் பரிசோதனை. அது முடிந்த பிறகு புதிதாக வந்திருக்கிற பெரிய கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்கள். பட்டியலில் அவன் பெயர் முதலாவது. மேல் நம்பர் நூற்றி நாற்பதுக்குள் இருந்தால் ஏறலாம் என்பது அங்கே விதி. தன்னுடையது நூற்றி முப்பத்தெட்டுதானே என்று கேட்டான். பரிசோதனை முடியட்டும், பெரிய கிரேன் கைக்கு வரட்டும், அப்புறம் சத்தம் போடாமல் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றான்.

“எனக்கு ஒண்ணுமே பண்ணலம்மா. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நம்பரைப் பாத்துட்டு நீதான் பயப்படுற.”

இந்தப் பேச்சை அவள் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறாள். வார்டில் ஜன்னலோர மெஷினில் கிடக்கிற நாற்பத்தொரு வயது லாரி டிரைவர் இதையேதான் சொன்னார். தனக்கு ஒன்றுமே பண்ணவில்லையாம். ஒன்றும் பண்ணாமலே இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயின. இன்னொருவர் கீழ் நம்பர் எண்பதுதானே என்று இறுமாந்திருந்தார், மேலே நூற்றி எழுபத்தைந்து. ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு மகன் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு நம்பரை மட்டும் பார்த்து நிம்மதியடைகிற மனிதர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதிலும் ஒருவன் தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

கத்திப் பார்த்தாள். மசியவில்லை. பிறகு அவன் வேலையிலிருந்தே கேட்டாள்.

“கிரேன்ல லோடு தூக்கும்போது வயர் விறைக்குமா?”

“விறைக்காமப் பின்ன?”

“லோடை இறக்கி வச்சப்புறம்?”

“தளரும். வெறும் கொக்கிதானே தொங்குது.”

“வெறும் கொக்கி தொங்கும்போதும் வயர் லோடு தூக்குற மாதிரியே விறைச்சு நின்னா என்ன பண்ணுவீங்க?”

பதில் அவனுக்குத் தெரியும். கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவான். அதை வாயால் சொல்ல அவனுக்கு மனமில்லை.

அவளே சொன்னாள். மேல் நம்பர், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிற நேரத்தில் குழாயில் ஏறுகிற அழுத்தம். கீழ் நம்பர், இதயம் விரிந்து இளைப்பாறுகிற நேரத்திலும் குழாயில் மிச்சமிருக்கிற அழுத்தம். ஒரு துடிப்பில் தள்ளுகிற நேரத்தைவிட இளைப்பாறுகிற நேரம்தான் அதிகம். உங்கள் குழாய்களுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை. சின்னச் சின்னக் குழாய்களெல்லாம் இறுகிக்கிடக்கின்றன. சிறுநீரகத்தில் இருக்கிற சல்லடை தலைமுடியைவிட மெல்லிசு, ராத்திரி பகலாக அதன்மேல் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் அது கிழியாமல் என்ன செய்யும் என்று கேட்டாள். இதயமும் அந்த அழுத்தத்துக்கு எதிராகத்தான் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது, அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் கடுமையாகப் பேசினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாளைக்கு மட்டும் விட்டுடு” என்றான்.

அவள் விடவில்லை. வியாழக்கிழமை காலை வார்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்த தாளையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் அலமாரியிலிருந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு, புது மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள். பரிசோதனை அன்றைக்கு அட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று வாசலில் சொன்னாள். காவலாளி அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

மருத்துவ அறை, பொருள் வைக்கிற கிடங்குக்குப் பக்கத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு சின்ன அறை. வாசலிலிருந்து வரிசை நீண்டு கிடந்தது. முப்பது பேருக்குமேல் இருப்பார்கள், எல்லோரும் எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை. கம்பவுண்டருக்கு அங்கே மின்னல் என்று பெயர். மணிக்கு நாற்பது பேரைப் பார்த்து அனுப்புவானாம், பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. அவள் வரிசையின் ஓரத்தில் நின்று அவன் கையைப் பார்த்தாள். சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினான். வந்தவன் நின்றபடியே கையை நீட்டினான். நாலு அமுக்கு, ஒரு தட்டல், ‘புஸ்’. அடுத்த ஆள். நோட்டில் கை தானாக எழுதியது. கீழே எண்பது. அடுத்தவனுக்கும் எண்பது.

வரிசையில் ஆறாவதாக நின்ற கணவன் அவளைப் பார்த்துவிட்டான். முகம் கறுத்துப்போனது. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்காதே என்று கண்ணாலேயே சொன்னான். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் முறை வந்தது. நாலு அமுக்கு, ஒரு தட்டல், ‘புஸ்’. “நூத்தி முப்பத்தாறு, எண்பது. நல்லா இருக்கு அண்ணே, பெரிய கிரேனுக்கு வாழ்த்துகள்” என்று மின்னல் சிரித்தான்.

“தம்பி, எண்பதுன்னு எழுதினியே, சத்தம் எங்க நின்னுச்சு?” என்று அவள் கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். யார் என்று தெரியவில்லை. கணவன்தான் தன் மனைவி என்றும் நர்ஸ் என்றும் முனகினான். நர்ஸ் என்றதும் மின்னலின் கை நோட்டின்மேல் போய் நின்றது.

“எண்பதுலதான் அக்கா.”

“நீ காத்தை முழுசாத் திறந்துட்ட. முள் நூத்தி முப்பதுலேருந்து பூஜ்யத்துக்கு ஒரே ஓட்டமா ஓடுச்சு. எண்பதைத் தாண்டினது உன் கண்ணுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. காதுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

அவன் பூசி மெழுகப் பார்த்தான். மேனேஜர் மேல் நம்பரை மட்டும்தான் பார்ப்பார் என்றான். விதிப் புத்தகத்தில் மேல் நம்பருக்குத்தான் வரம்பு போட்டிருக்கிறது என்றான். காலைக்குள் எல்லாரையும் முடித்துவிடு, வேலை நிற்கக் கூடாது என்று தினம் மேலேயிருந்து திட்டு விழுகிறது என்றான். பெரும்பாலானவர்களுக்கு எண்பதுதானே இருக்கும் என்றான். கடைசியாகச் சொன்னது அவளுக்கு நெருப்பை வைத்ததுபோல் இருந்தது.

பையிலிருந்த அட்டையை எடுத்து நோட்டின்மேல் விரித்து வைத்தாள். டாக்டர் எழுதிய தாளையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

“எட்டு எண்பது எழுதியிருக்க. இது சிறுநீரகம் கெட ஆரம்பிச்சிருக்குன்னு சொல்ற காகிதம். உனக்கு ஒரு நிமிஷம் மிச்சம் ஆச்சு. இவருக்கு நாலு வருஷம் போச்சு. கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதியிருக்கலாம், கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாம். காலியா இருந்தா யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்க. நீ எண்பதுன்னு எழுதி எல்லார் வாயையும் அடைச்சுட்ட.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும். கிடங்குப் பக்கம் இரும்பு உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. மின்னல் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

கணவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சட்டையின் ஒரு பக்கத்தைத் தோள்வரை கழற்றினான். கையை மேஜைமேல் வைத்தான்.

“மறுபடி பாரு தம்பி. மெதுவா விடு.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பெரிய கிரேனின் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது, அவன் பெயர் மேலே இருந்தது, அவன் அதைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு மின்னல் காற்றை ஏற்றித் திருகைக் கொஞ்சமாகத் திறந்தான். முள் இறங்கியது. நூற்றி முப்பத்தெட்டில் அவன் புருவம் அசைந்தது. நூற்றி முப்பது, நூற்றி இருபது. திருகை முழுசாகத் திறக்கப் பழகிய விரல் இரண்டு தடவை துடித்ததை அவள் பார்த்தாள். திறக்கவில்லை. நூற்றிப் பத்தைத் தாண்டியதும் அவன் காதைச் சாய்த்தான். இன்னும் கேட்கும் என்று காத்திருந்தான். முள் நூறைத் தாண்டி, எண்பதைத் தாண்டி, அறுபதுவரை போனது. அவன் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தான்.

“நூத்தி எட்டுல நின்னுடுச்சு” என்றான். முள்ளைப் பார்த்துக்கொண்டே, “அப்புறம் ஒண்ணுமே கேக்கல அக்கா” என்றான்.

“எழுது” என்றான் கணவன்.

எழுதினான். டாக்டரின் தாளையும் சேர்த்துவைத்து, தற்காலிகமாகத் தகுதியில்லை என்ற முத்திரையைக் குத்தினான். பெரிய கிரேன் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவன் வரிசையில்தான் நின்றிருந்தான். அவன் சந்தோஷப்படவில்லை. சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எதையோ மறந்தவன்போல வரிசையிலிருந்து விலகிப் போனான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். தெரியாமல் இருந்தால் ஏணி ஏறலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. போகிறவர்களின் முதுகைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்னல் எழுந்து வாசலுக்குப் போய், நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எண்பதுன்னு எழுத மாட்டேன், வராதவங்க கட்டம் காலியாத்தான் போகும், மேனேஜரே கூப்பிட்டுக் கேட்பார் என்றான். ஒருவன் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தான்.

அவளும் கணவனும் வெளியே வந்தார்கள். அவனுக்கு அன்றைய வேலை இல்லை. கிரேனுக்குப் பதில் தரையில் ஏதாவது வேலை தருவார்கள், நாளைக்கு வந்து கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். சாலையோரமாக நடந்தார்கள். மின்னலைத் திட்டினாள். மேனேஜரைத் திட்டினாள். ஒரு நம்பருக்கு மட்டும் வரம்பு போட்டு விதி எழுதின மகானுபாவனைத் திட்டினாள். கண் முன்னால் இருக்கிறதைப் பார்க்காமல் எப்படி நாலு வருடம் இருக்க முடியும் என்று கேட்டாள். கோபம் அடங்குவதாக இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து விழுங்கினான். முதல் மாத்திரை. பிறகு சாதாரணமாகக் கேட்டான், குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் அட்டைய உன்கிட்டதானே கொண்டுவந்து குடுத்தேன். நீ பாத்துட்டுதானே அலமாரில வைப்ப?”

எட்டு முறையும் வாங்கியிருக்கிறாள். எட்டு முறையும் பார்த்திருக்கிறாள். நாளெல்லாம் பிரஷர் பார்க்கிற கண். எட்டு எண்பது வரிசையாக நின்றதை அது பார்க்கவில்லை.

“மேல நம்பர் நல்லா இருந்துச்சு” என்றாள். “அதோட விட்டுட்டேன்.”

அவன் சரி என்பதுபோல் தலையை ஆட்டினான். பாட்டிலை அவளிடம் நீட்டினான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். அவன் திட்டவில்லை. காலையிலிருந்து ஊரில் இருக்கிற எல்லார்மேலும் வந்த கோபம் அப்படியே இருந்தது, இறக்கி வைக்க இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். பேருந்து வருகிறவரை அவள் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.